ட்ரொலி பேக் வேண்டாம், வகுப்புக்கு ஓர் அலுமாரி தாருங்கள்



எதிர்வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நமது பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் நடக்கவிருக்கிறது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சில்லுப் பூட்டிய ட்ரொலி பேக் வாங்கிக் கொடுப்பதும் அன்று பேசப்படும் விடயங்களில் ஒன்று. வெளிநாட்டில் உழைக்கும் நமதூர்ச் சகோதரர்கள் இதற்குப் பணம் சேர்த்திருக்கிறார்கள். அவர்களுடைய நிய்யத் நல்லது, அல்லாஹ் அதற்குக் கூலி கொடுப்பான். ஆனால் அந்தப் பணம் அந்தப் பையில் போகக் கூடாது என்பது என் நிலைப்பாடு. கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பிள்ளை படிக்கிற வீடென்றால் பொறுமையாக வாசியுங்கள்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். போன மாதம் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் சுற்றியது. ஒரு சின்னப் பிள்ளை தன்னைவிடப் பெரிய பையோடு குனிந்து நடக்கிறது. கீழே, "அரசாங்கம் தரும் புத்தகச் சுமையால் நம் பிள்ளைகள் கூனாகப் போகிறார்கள்" என்று எழுதியிருந்தது. இந்த ஒரு வரியில் இரண்டு செய்தி இருக்கிறது, இரண்டுமே பிழை. சுமையின் பெரும்பகுதி அரசாங்கத்தின் புத்தகத்தில் இல்லை. பையால் பிள்ளை கூனாகும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆனால் பிள்ளைக்கு நோவதும் களைப்பதும் உண்மை. அந்த உண்மையைச் சரியாகப் பிடித்தால்தான் பணத்தை எங்கே போடுவது என்று தெரியும்.

இந்தத் தவணை தரம் 4 பிள்ளைகளோடு இதை ஒரு சுகாதாரச் செயற்றிட்டமாகச் செய்தோம். முதலில் ஒவ்வொரு பிள்ளையின் நிறையையும் எடுத்தோம். பிறகு முன்கூட்டியே சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மீன் கடையில் பாவிக்கும் தொங்கு தராசொன்றைக் கடன் வாங்கி எல்லாப் பைகளையும் நிறுத்தோம். முன்கூட்டிச் சொன்னால் அன்று மட்டும் பை மெலிந்து வரும். கடைசியாக, ஒரு மனித உருவத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்த தாளைக் கொடுத்து, "பை சுமந்து வந்த பிறகு எங்கே நோகுதோ அங்கே சிவப்புப் பூசுங்க, ஒண்டும் நோகல்லண்டா வெறுமையா விடுங்க" என்றோம். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையிடம் "முதுகு நோகிறதா" என்று கேட்டால் ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறாரோ அதையே சொல்லும். படத்தில் பூசச் சொன்னால் தன் உடம்பை நினைத்துப் பூசும். வகுப்பு முழுவதன் கணக்கையும் வெள்ளிக்கிழமை கொண்டு வருகிறேன். இங்கே ஒரேயொரு பையைத் திறந்து காட்டுகிறேன். யாருடைய பிள்ளை என்று கேட்க வேண்டாம். உங்கள் வீட்டிலும் இதே பைதான் இருக்கும்.

பிள்ளையின் நிறை 24 கிலோ. பையின் நிறை 6 கிலோ 510 கிராம். அதாவது தன் நிறையில் நூற்றுக்கு 27 பங்கு. 60 கிலோ நிறையுள்ள ஒரு வாப்பா தினமும் காலையில் 16 கிலோ அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவதற்கு இது சமம்.

உள்ளே இருந்தவற்றை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகச் சமையலறைத் தராசில் வைத்தோம். அரசாங்கப் பாடப்புத்தகங்கள் ஆறும் சேர்த்து 1600 கிராம். 200 பக்கக் கொப்பி ஏழு, 1470 கிராம். ஒரு சீஆர் கொப்பி 420 கிராம். டியூசன் வினாத்தாள் புத்தகம் 380 கிராம். உருக்குத் தண்ணீர்ப் போத்தல் தண்ணீரோடு 1040 கிராம். சாப்பாட்டுப் பெட்டி 430 கிராம். காந்தம் வைத்த பென்சில் பெட்டியும் கலர் பெட்டியும் 220 கிராம். ஒன்றுமே இல்லாத வெறும் பை 950 கிராம், முன்பக்கம் பிளாஸ்டிக்கில் கார்ட்டூன் உருவம் புடைத்து நிற்கும் அந்தப் பைதான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். அரசாங்கம் தந்தது 1600 கிராம், மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மீதி 4910 கிராமும் பெற்றோரும் ஆசிரியர்களும் டியூசன்காரர்களுமாக நாம் சேர்த்து ஏற்றியது. கொழும்பைப் பார்த்து ஏசுவது சுலபம். ஆனால் இந்தப் பையில் முக்கால் பங்கு நமதூரில் ஏற்றப்பட்டது, நமதூரிலேயே இறக்கவும் முடியும்.

அதற்கு முன் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில்தான் அதிகமான வதந்தி.

பின்பக்கம் பாரம் ஏறினால் உடம்பின் சமநிலை பின்னால் சரியும். விழாமல் இருக்கப் பிள்ளை இடுப்பிலிருந்து முன்னுக்குச் சாயும், கழுத்தை நீட்டித் தலையை முன்னே தள்ளும். அப்போது கழுத்தின் பின்பக்கத் தசையும் தோள் தசையும் முதுகின் கீழ்ப்பகுதித் தசையும் ஓய்வில்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் சிவப்புப் பூசிய இடங்களும் அநேகமாகத் தோளும் கழுத்தின் அடியும்தான். இதற்கு நிறை மட்டும் காரணமல்ல, தூரமும் காரணம். தண்ணீர் வாளியை நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள், பிறகு கையை நீட்டிப் பிடியுங்கள். வாளி அதேதான், நோவு இரண்டு மடங்காகும். பாரமான புத்தகம் முதுகை ஒட்டி இல்லாமல் பையின் வெளிப்பக்கத்தில் இருந்தாலும், வார் தளர்ந்து பை இடுப்புக்குக் கீழே தொங்கினாலும் நடப்பது இதுதான்.

2010ஆம் ஆண்டு அமெரிக்காவில், சராசரியாகப் பதினொரு வயதுடைய எட்டுப் பிள்ளைகளுக்கு 4, 8, 12 கிலோ பைகளை மாட்டி, நிற்கவைத்தே எம்ஆர்ஐ படம் எடுத்தார்கள். பாரம் கூடக் கூட முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுக்கள் அமுங்கின, பிள்ளைகள் சொன்ன நோவும் கூடியது. எட்டே பிள்ளைகள்தான், ஆனாலும் பாரம் உடம்பில் அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த ஆய்வு அது. மறுபக்கம், 2018இல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ சஞ்சிகையில் 69 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்த ஒரு கட்டுரை வந்தது. பாடசாலைப் பையின் நிறையோ வடிவமோ சுமக்கும் முறையோ பிள்ளைகளின் முதுகுவலி அபாயத்தைக் கூட்டுகிறது என்று நம்பத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை என்பதே அதன் முடிவு. பை கஷ்டமாக இருக்கிறது என்று பிள்ளை தானே உணர்வதற்கும் முதுகுவலிக்கும் தொடர்பு இருக்கலாம் என்றும் அதே கட்டுரை சொல்லியது.

இரண்டையும் சேர்த்து வாசித்தால் கிடைப்பது இதுதான். பாரமான பை பிள்ளைக்கு அப்போதைக்கு நோவையும் களைப்பையும் தருகிறது, நடையை மாற்றுகிறது. ஆனால் பை முள்ளந்தண்டை நிரந்தரமாக வளைத்துவிடும் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆகவே கூன், வளைவு என்று உம்மாமாரைப் பயமுறுத்துவதை நிறுத்துங்கள். அந்தப் பயத்தை வைத்துத்தான் "முதுகைப் பாதுகாக்கும் விசேட பை" என்று இரட்டிப்பு விலைக்கு விற்கிறார்கள். நிரந்தரக் கேடு இல்லையென்றால் விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். முதலாம் பாடவேளைக்கு வரும்போதே தோள் நோகிற, கை மரத்துப்போன பிள்ளை என்னிடம் எப்படி எழுதும்? நாளைக்குக் கூன் விழுந்தால்தான் இன்றைய நோவு நோவா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முதுகு நோவுக்குப் பை மட்டும் காரணமல்ல. தரம் 4 பிள்ளையின் கால் நிலத்தில் படாத கதிரை, மணிக்கணக்காகக் குனிந்து பார்க்கும் ஃபோன், ஓடி விளையாடாத பின்னேரம் எல்லாம் அதில் சேரும். பையைக் குறைத்தும் நோவு வாரக்கணக்காக நின்றால், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினால், காய்ச்சலோடு வந்தால், காலில் பலவீனமோ மரப்போ இருந்தால், எண்ணெய் தடவி உருவிக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் கொண்டு போங்கள். அது பையின் வேலையாக இருக்காது.

எவ்வளவு சுமக்கலாம்? உலகில் பல இடங்களில் சொல்லப்படும் எல்லை பிள்ளையின் நிறையில் பத்தில் ஒரு பங்கு. இது மார்க்கச் சட்டம்போல உறுதியான கோடல்ல, பதினைந்து பங்கு வரை பரவாயில்லை என்போரும் உண்டு. ஆனால் நாளாந்தம் பாவிக்க இலகுவான அளவு. இதில் பலர் கவனிக்காதது ஒன்று இருக்கிறது. அளவு பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஒரே வகுப்பில் 18 கிலோ பிள்ளையும் இருக்கிறது, 32 கிலோ பிள்ளையும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே புத்தகப் பட்டியலைக் கொடுத்து ஒரே பையைத் தூக்கச் சொல்கிறோம். 18 கிலோ பிள்ளைக்கு எல்லை 1 கிலோ 800 கிராம்தான். அந்த 6 கிலோ 510 கிராம் பையை அதன் தோளில் ஏற்றினால் தன் நிறையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் சுமக்கும். மெலிந்த பிள்ளைகள் அநேகமாக எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று நான் சொல்லத் தேவையில்லை. வேனுக்கும் முச்சக்கரவண்டிக்கும் காசில்லாமல் அரை மணித்தியாலம் நடந்து வருவதும் அதே பிள்ளைகள்தான். வேனில் வரும் பிள்ளை வாசலிலிருந்து வகுப்புவரைதான் சுமக்கிறது. அந்த நேர வித்தியாசம் எந்தத் தராசிலும் தெரியாது.

இப்போது ட்ரொலி பேக்குக்கு வருகிறேன். வெறும் ட்ரொலி பேக், சில்லும் கைபிடிக் கம்பியுமாக, 2 கிலோ அளவில் நிற்கும். 24 கிலோ பிள்ளையின் எல்லையே 2 கிலோ 400 கிராம். மிச்சம் 400 கிராமில் என்ன வைப்பது? இழுத்துத்தானே போகப்போகிறது என்பீர்கள். எங்கே இழுப்பது? கடற்கரைப் பக்கத்து வீதிகள் மணல், உள்வீதிகள் கிறவல், மாரி வந்தால் சேறு. தரம் 4உம் 5உம் மாடியில். படியில் இழுக்க முடியாது, ஒரு கையால் தூக்கத்தான் வேண்டும். இரண்டு தோளில் சமமாக இருந்த பாரம் ஒரு கைக்கு மாறும், உடம்பு ஒரு பக்கம் சரியும். இழுக்கிற நேரத்திலும் ஒரு கை பின்னால் முறுகியே இருக்கும். மழைத் தண்ணீரும் மணலும் பட்ட சில்லு எத்தனை மாதம் உருளும் என்பது சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். உருளாத சில்லோடு அந்தப் பையைப் பிள்ளை எப்படிக் கொண்டு போகும் என்று யோசியுங்கள்.

எல்லாவற்றையும் விட, ட்ரொலி பேக் சுமையைக் குறைப்பதில்லை, சுமக்கும் இடத்தை மாற்றுகிறது. "சில்லு இருக்குத்தானே" என்று இன்னும் இரண்டு கொப்பி கூடுதலாக ஏறும்.

சரி, குறைக்கிற வழி என்ன? அதே பையை எடுத்து, ஒரு சதமும் செலவழிக்காமல் எவ்வளவு இறக்கலாம் என்று அதே மேசையில் செய்து பார்த்தோம்.

கொப்பியிலிருந்து தொடங்குவோம், அதில்தான் அதிக இறக்கம். சாதாரணக் கொப்பியின் ஒரு தாள் சுமார் 16.5 சென்ரிமீற்றர் அகலம், 20.5 உயரம். 200 பக்கமென்றால் 100 தாள். சதுர மீற்றருக்கு 60 கிராம் தாளென்று கணக்குப் போட்டால் தாள் மட்டுமே 200 கிராமைத் தாண்டும். 80 பக்கக் கொப்பி அட்டையோடு சுமார் 90 கிராம். ஏழு பாடத்துக்கும் 200 பக்கம் கேட்கிறோம், ஆனால் ஆரம்பப் பிரிவில் எத்தனை பிள்ளை 200 பக்கம் எழுதி முடிக்கிறது? ஆண்டிறுதியில் உங்கள் பிள்ளையின் கொப்பிகளை எடுத்து வெற்றுத் தாளை எண்ணுங்கள். ஜனவரியிலிருந்து அந்த வெற்றுத் தாளைத்தான் பிள்ளை தினமும் கொண்டு போய்க் கொண்டு வந்திருக்கிறது.

"200 பக்கம்தானே சேர் லாபம், கொப்பி விக்கிற விலைக்கு தவணைக்கொண்டு வாங்க ஏலுமா?" என்று ஒரு உம்மா கேட்டார். நியாயமான கேள்வி. 2022இல் கடதாசி இல்லாமல் பரீட்சையே பிற்போட்ட நாடு இது, கொப்பியின் விலை எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆனால் எழுதாத பக்கத்துக்குக் கொடுத்த காசு லாபமல்ல. 80 பக்கக் கொப்பி ஒன்றை வாங்குங்கள், முடிந்தால் அடுத்ததை வாங்குங்கள். அதிகம் எழுதும் தமிழுக்கும் கணிதத்துக்கும் இரண்டு மூன்று தேவைப்படும், மற்றவற்றுக்கு ஒன்றே ஆண்டை ஓட்டும். ஏற்கெனவே 200 பக்கம் வாங்கியவர்கள் அதை வீசவேண்டாம், வகுப்பில் வைத்துப் பாவிக்கலாம்.

சீஆர் கொப்பியைப் பற்றி என் சக ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். கனத்த அட்டை போட்ட சீஆர் கொப்பி ஆரம்பப் பிரிவுக்கு ஏன்? வழிகாட்டப்பட்ட விளையாட்டும் செயற்பாடும் எழுத்து வேலையும் கலந்ததுதான் ஆரம்பப் பிரிவுக் கலைத்திட்டம் என்று கலாசாலையில் நாம் எல்லோரும் படித்தோம். கரும்பலகையில் எழுதுவதைச் சீஆர் கொப்பியில் அழகாகப் பார்த்தெழுதுவது அந்தக் கலைத்திட்டத்தில் இல்லை. மேற்பார்வைக்கு வருபவர்களுக்குக் காட்ட அடுக்கி வைக்கத்தான் அது உதவுகிறது. 420 கிராம் காட்சிப் பொருளை ஒன்பது வயதுப் பிள்ளை ஆண்டு முழுக்கச் சுமக்கிறது.

அடுத்தது நேரசூசி. அந்தச் செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது நான்கு பாடங்களின் கொப்பிகள். மற்ற மூன்றும் ஏன் பையில்? பிள்ளையிடமே கேட்டேன். "கொண்டு வரல்லண்டா டீச்சர் ஏசுவாங்க, எந்தப் பாடம் எடுப்பாங்கண்டு தெரியா" என்றது. நாம் நேரசூசியைப் பின்பற்றாததற்குப் பிள்ளை தோளால் கட்டணம் கட்டுகிறது. தமிழ்ப் பாடவேளையில் தமிழைத்தான் எடுப்போம் என்ற உறுதி வகுப்பில் வந்தால், பிள்ளை நம்பிப் பையைக் குறைக்கும். அந்த உறுதி இல்லாமல் பெற்றோரிடம் "பையைக் குறையுங்கள்" என்று கடிதம் அனுப்பிப் பிரயோசனமில்லை.

பாடப்புத்தகங்களை வகுப்பிலேயே வைத்துவிட்டு, அன்றைய வீட்டுவேலைக்குத் தேவையான இரண்டை மட்டும் அனுப்பினால் போதும். தண்ணீருக்கு 120 கிராம் பிளாஸ்டிக் போத்தலில் காலையில் கால் லீற்றர், முடிந்ததும் பாடசாலையில் நிரப்பிக்கொள்ளலாம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறந்துவிடுகிறோம். டியூசன் புத்தகம் டியூசன் நடக்கும் இடத்திலேயே இருக்கட்டும். காந்தப் பெட்டிக்குப் பதில் ஒரு துணிப் பை.

மீண்டும் நிறுத்தோம். பாடப்புத்தகம் இரண்டு 550, எண்பது பக்கக் கொப்பி நான்கு 360, தண்ணீர் 370, சாப்பாடு அதே 430, பென்சில் 120, பை அதே 950. மொத்தம் 2 கிலோ 780 கிராம். 27 பங்கு 11.6 பங்காகிவிட்டது. 3 கிலோ 730 கிராம் அந்த மேசையிலேயே கிடந்தது, ஒரு பாடமும் குறையவில்லை. அடுத்த முறை பை வாங்கும்போது கார்ட்டூன் புடைக்காத, 450 கிராம் அளவான பையை வாங்கினால் 2 கிலோ 280 கிராம், எல்லைக்குள் வந்துவிடும். வார் அகலமாகவும் பஞ்சு வைத்தும் இருக்கட்டும், இரண்டு தோளிலும் மாட்டட்டும், பையின் அடி இடுப்பைவிட மிகவும் கீழே இறங்காமல் வாரை இழுத்துக் கட்டுங்கள். "வளர்ந்தாலும் பாவிக்கலாம்" என்று இரண்டு அளவு பெரிய பை வாங்காதீர்கள், பெரிய பை நிரம்பாமல் இருக்காது.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. வகுப்பில் புத்தகம் வைக்க இடம் வேண்டும், பாடசாலையில் நம்பிக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். இப்போது இரண்டும் இல்லை. அரைச்சுவர் வகுப்பு. மாரியில் சாரல் உள்ளே வரும், பின்னேரம் ஆடும் வரும், நிலத்தில் வைத்தால் கறையான் வரும். போன ஆண்டு ஒரு வகுப்பில் மேசைக்குள் வைத்த புத்தகம் நனைந்து போனதும் பெற்றோர் நம்பிக்கை இழந்து எல்லாவற்றையும் திரும்பவும் பையில் ஏற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், பணம் அங்கே போகட்டும். வகுப்புக்குக் கதவும் பூட்டுமுள்ள ஓர் அலுமாரி. கால் வைத்து நிலத்திலிருந்து உயர்த்தி, சுவரோடு சேர்த்து இறுக்கி. தகரமென்றால் கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காத பூச்சு வேண்டும், பலகையென்றால் கறையான் மருந்து வேண்டும். அளவையும் கணக்குப் போட்டுவிட்டேன். 36 பிள்ளை, ஆளுக்கு ஆறு புத்தகம், ஒன்று ஒரு சென்ரிமீற்றர் தடிப்பென்றால் 216 சென்ரிமீற்றர். கொப்பிகளையும் சேர்த்தால் 270க்கு வரும். 120 சென்ரிமீற்றர் அகலத்தில் மூன்று தட்டு இருந்தால் 360, தாராளமாகப் போதும். உயரம் எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆசிரியர் எடுத்துக் கொடுப்பதிலேயே பாடவேளை போய்விடும். ஊர்த் தச்சுப் பட்டறையிலேயே செய்யலாம். ஓர் அலுமாரி பத்து ஆண்டு நிற்கும், பத்து வகுப்புப் பிள்ளைகள் பாவிப்பார்கள். மிச்சப் பணத்துக்கு ஆரம்பப் பிரிவுக் கட்டடத்துக்கு ஒரு நல்ல தண்ணீர் வடிகட்டி. அதற்கு வடிமூலம் மாற்றும் செலவு தொடர்ந்து வரும், அதையும் இப்போதே வரவு செலவில் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஆறு மாதத்தில் பிள்ளைகள் மீண்டும் பெரிய போத்தலோடு வருவார்கள்.

பள்ளிவாசலை யோசித்துப் பாருங்கள். ஐந்து நேரமும் வருகிற நாம் யாராவது வீட்டிலிருந்து குர்ஆனைத் தோளில் சுமந்து வருகிறோமா? பள்ளியில் இறாக்கை இருக்கிறது, எடுத்து ஓதுகிறோம், திரும்ப வைக்கிறோம். பெரியவர்களுக்கு இந்த ஒழுங்கை எப்போதோ செய்துவிட்டோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மட்டும் முழு நூலகத்தையும் முதுகில் கட்டி அனுப்புகிறோம்.

"நாங்களும் சுமந்துதான் சேர் படிச்ச" என்று ஒரு காக்கா சொன்னார். அவருடைய காலத்தில் உருக்குப் போத்தலும் டியூசன் வினாத்தாளும் காந்தப் பெட்டியும் 950 கிராம் பையும் இருக்கவில்லை. ஒரு உமல் பையில் இரண்டு கொப்பியும் ஒரு புத்தகமும். அவர் சுமந்தது அவருடைய நேரசூசியைத்தான்.

வெள்ளிக்கிழமை நான் மூன்று கோரிக்கை வைப்பேன். ட்ரொலி பேக் பணத்தை ஆரம்பப் பிரிவு அலுமாரிக்கும் தண்ணீருக்கும் மாற்றுவது. அடுத்த ஆண்டுக் கொப்பிப் பட்டியலில் தரம் 5 வரை 80 பக்கத்துக்கு மேல் எதையும் கேட்பதில்லை, சீஆர் அறவே இல்லை என்று ஆசிரியர்களாகிய நாங்கள் எழுத்தில் தருவது. தவணைக்கு ஒரு நாள், முன்னறிவித்தல் இல்லாமல், பெற்றோர் இருவர் முன்னிலையில் பைகளை நிறுத்து வகுப்பு வாசலில் எண்ணை ஒட்டுவது. பிள்ளையின் பெயர் வேண்டாம், வகுப்பின் எண் போதும். அந்த எண் குறையாவிட்டால் அந்த வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். என் வகுப்பென்றால் என்னிடம் கேளுங்கள்.

பணம் அனுப்பிய சகோதரர்களுக்கும் இதை அனுப்பி வையுங்கள். அவர்கள் பிள்ளையின் முதுகை நினைத்துத்தான் கொடுத்தார்கள், காரணத்தைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள்.

அதுவரை இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். நாளைக்குத் தயாரான பையை எடுத்துத் தராசில் வையுங்கள். தராசு இல்லாவிட்டால் பக்கத்துக் கடையில் கேளுங்கள், யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். பிள்ளையின் நிறையில் பத்திலொரு பங்கைக் கணக்குப் பாருங்கள். பிறகு பிள்ளையைப் பை மாட்டி ஒரு பக்கமாக நிற்கச் சொல்லி ஒரு படம், பை இல்லாமல் ஒரு படம் எடுங்கள். காது தோளுக்கு நேரே இருக்கிறதா, முன்னே போயிருக்கிறதா என்று பாருங்கள். பையைக் கழற்றியதும் தோளில் சிவந்த தழும்பு இருக்கிறதா, கை விறுவிறுக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு எண்ணையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வெள்ளிக்கிழமை வாருங்கள். நான் சொல்வது பிழையென்றால் அந்தத் துண்டை வைத்தே என்னை மறுக்கலாம்.

வஸ்ஸலாம்.